தீபாவளி விடுமுறை அறிவிப்பு எழுதுவது எப்படி? வாட்ஸ்அப்பில் சேலை விற்கத் தொடங்கியவர்களுக்கு

"தீபாவளியை முன்னிட்டு எங்கள் நிறுவனத்திற்கு விடுமுறை. ஆர்டர்கள் அனுப்புவதில் சிறு தாமதம் ஏற்படலாம். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

புதிதாகக் கடை தொடங்கியவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஒரு படம் தயார் செய்து ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். சுற்றிலும் நாலு விளக்கு, மேலே ஒரு மத்தாப்பு. இதைப் படித்த வாடிக்கையாளருக்கு ஒரு தகவலும் கிடைக்கவில்லை. எந்தத் தேதியிலிருந்து விடுமுறை? இன்றைக்குப் பணம் போட்டால் சேலை தீபாவளிக்கு முன் வருமா, வராதா? சிறு தாமதம் என்றால் இரண்டு நாளா, இரண்டு வாரமா? அவர் உங்களிடம்தான் கேட்பார். அவரைப் போல நூறு பேர் கேட்பார்கள், அதுவும் நீங்கள் பார்சல் கட்ட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் வாரத்தில். அந்த நூறு கேள்விக்கும் முன்கூட்டியே பதில் சொல்வதுதான் அறிவிப்பின் வேலை.

கைத்தறிக் காட்டன் சேலைகளை உள்ளூரில் நெசவாளர்களிடம் வாங்கி, வாட்ஸ்அப் மூலம் ஆர்டர் பிடித்து, கூரியரில் அனுப்பும் சிறு கடை ஒன்றை வைத்து இதைப் பார்ப்போம். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வரலாம்.

முதலில் கூரியர் கிளைக்குப் போங்கள்

அறிவிப்பு எழுத உட்காரும் முன், நீங்கள் வழக்கமாக பார்சல் போடும் கிளைக்கு நேரில் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். பண்டிகைக்கு முன் கடைசியாக என்றைக்குப் பார்சல் வாங்குவார்கள்? அன்றைக்கு வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும்? பண்டிகை முடிந்து மறுபடி என்றைக்கு வண்டி ஓடும்? இந்த மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டாவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். மாலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பிவிடும் கிளையில் ஆறரைக்குப் புக் செய்தால் ரசீதில் இன்றைய தேதி இருக்கும், பார்சல் மட்டும் மூலையில் கிடந்து நாளைக்குத்தான் நகரும். சனிக்கிழமையாக இருந்தால் அது திங்கட்கிழமை ஆகிவிடும். வாடிக்கையாளர் டிராக்கிங்கைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமையே புக் ஆகியிருக்கிறது, ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறது?" என்று கேட்பார். அதனால் உங்கள் கணக்கு வண்டி கிளம்பும் நேரத்தில் இருந்து ஆரம்பிக்கட்டும்.

பண்டிகை வாரத்தில் கூரியர் எத்தனை நாள் எடுக்கும் என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. சாதாரண நாளில் ஆவதைப் போல இரண்டு மடங்கு. தமிழ்நாட்டுக்குள் இரண்டு நாள் என்றால் நான்கு நாள். மும்பை, டெல்லிக்கு நான்கு நாள் என்றால் எட்டு நாள். அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

சேலை கட்டும் நாளும் சேலை வந்து சேரவேண்டிய நாளும்

மற்ற பொருளுக்கும் சேலைக்கும் இங்கேதான் வித்தியாசம். இனிப்புப் பெட்டி தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் வந்தாலும் போதும். சேலை அப்படி வந்தால், கூடவே இருக்கும் பிளவுஸ் துணியைத் தைக்க ஆள் கிடைக்காது. நல்ல தையற்காரர்கள் பலர் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே, "இனி துணி வாங்குவதில்லை" என்று சொல்லிவிடுவார்கள். ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்து வாங்கவும் இரண்டு நாள் வேண்டும்.

ஆகவே ஒரே ஒரு கடைசித் தேதி சொன்னால் பாதிப் பேரை ஏமாற்றியதாகிவிடும். பிளவுஸ் தைக்கப் போகிறவர்களுக்கு ஒரு தேதி, கையில் இருக்கும் பிளவுஸோடு கட்டிக்கொள்கிறவர்களுக்கும் பரிசாகக் கொடுப்பவர்களுக்கும் இன்னொரு தேதி. நிறம் சொல்லித் தறியில் நெய்து வாங்குபவர்களுக்கு மூன்றாவது தேதி. எளிதானதிலிருந்து தொடங்குவோம்.

கையிருப்பில் இருக்கும் சேலை, தமிழ்நாட்டு முகவரி, பிளவுஸ் தைக்க வேண்டியதில்லை. நவம்பர் 7 சனிக்கிழமையை மீட்பு நாளாக ஒதுக்கிவிடுங்கள். வீடு பூட்டியிருந்து பார்சல் திரும்பிப் போனால் மறுபடி கொண்டுவர ஒரு நாள் வேண்டும். அப்படியானால் வெள்ளி 6ஆம் தேதிக்குள் முதல் முறை கதவைத் தட்டியிருக்க வேண்டும். நான்கு நாள் பின்னால் போனால் நவம்பர் 2, திங்கள். அன்று மாலை வண்டியில் ஏற வேண்டும் என்றால், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மடித்துக் கட்டி, முகவரி ஒட்டி வைக்கவேண்டும். ஆக, பணம் வந்து சேரவேண்டிய கடைசி நேரம் அக்டோபர் 31, சனிக்கிழமை மாலை 6 மணி.

வெளிமாநிலம் என்றால் 6ஆம் தேதியிலிருந்து எட்டு நாள் பின்னால் போக அக்டோபர் 29, வியாழன் வரும். அன்று காலை பார்சல் கட்டி மாலை வண்டி. பணம் முதல் நாள், புதன்கிழமை 28ஆம் தேதி மாலைக்குள்.

பிளவுஸ் தைப்பவர்கள் கணக்கில்தான் ஒரு பள்ளம் இருக்கிறது. அவர்கள் கைக்குச் சேலை அக்டோபர் 24 சனிக்கிழமைக்குள் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாள் பின்னால் போனால் 20ஆம் தேதி. காலண்டரைப் பாருங்கள்: 18 ஞாயிறு, 19 ஆயுத பூஜை, 20 விஜயதசமி. மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஒன்றும் நகராது. விடுமுறைக்குப் பிறகு 21ஆம் தேதி புக் செய்யலாம் என்று நினைத்தால், மூன்று நாள் தேங்கிய பார்சலோடு உங்களுடையதும் வரிசையில் நிற்கும். எனவே இந்தப் பிரிவுக்கு அக்டோபர் 15 வியாழன் வண்டி, 14 புதன் மாலைக்குள் பணம் என்று வைப்பதுதான் பத்திரம். வழியில் விடுமுறையில் மாட்டிக்கொண்டாலும் 24க்குள் போய்விடும். தீபாவளி அறிவிப்பு எழுதுகிறவர்கள் பலர் தீபாவளியை மட்டும் பார்ப்பார்கள். இடையில் கிடக்கும் ஆயுத பூஜைதான் காலை வாரிவிடும்.

தறியில் போடும் ஆர்டர்

கைத்தறிக் காட்டன் சேலை ஒன்றை நெய்து முடிக்க, டிசைனையும் ஆளையும் பொறுத்து இரண்டு மூன்று நாள் ஆகும். இதைக் கேட்டுவிட்டு வாடிக்கையாளர், "மூன்று நாள்தானே, ஒரு வாரத்தில் தந்துவிடலாமே?" என்பார். அவர் கேட்ட நிறம் இப்போது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவில் இல்லையென்றால், முதலில் நூலுக்குச் சாயம் போட்டு வரவேண்டும். பிறகு பாவு தயாராக வேண்டும். பாவு நீட்டும் திறந்தவெளியான பாவடியில் அதை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க வேண்டும். ஏற்கனவே தறியில் இருக்கும் பாவு நெய்து முடியும்வரை காத்திருந்து, இழை இழையாகப் புதுப் பாவைப் பிணைக்க வேண்டும். இதற்கெல்லாம் பிறகுதான் அந்த மூன்று நாள்.

தீபாவளிக்கு முந்தைய மாதம் என்பது வடகிழக்குப் பருவமழைக் காலம். மழை பிடித்துக்கொண்டால் சாய நூல் காயாது, பாவடியில் வேலை நடக்காது. குழித்தறி உள்ள வீடுகளில் குழிக்குள் ஈரம் ஏறிவிடும், சில வீடுகளில் தண்ணீரே நிற்கும். இது யார் கையிலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் வரும் மழை என்பதால் கணக்கில் சேர்க்காமல் இருக்கவும் முடியாது. ஐந்து வாரம் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 2 வண்டியில் ஏறவேண்டிய சேலைக்கு ஆர்டரும் முன்பணமும் செப்டம்பர் 26 சனிக்கிழமைக்குள் வரவேண்டும். பிளவுஸும் தைக்க வேண்டும் என்றால் அதற்கும் முன்னால். அவர்களிடம் கையிருப்பில் இருப்பதைக் காட்டி எடுக்கச் சொல்வதுதான் நியாயம்.

தீபாவளி முடிந்தும் தறி உடனே ஓடாது. போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்கள் திரும்ப ஒரு வாரமாவது ஆகும். உங்கள் கடை 12ஆம் தேதி திறந்தாலும் தறிச் சத்தம் கேட்க 16ஆம் தேதி, திங்கட்கிழமை ஆகலாம். நெசவாளர்களிடம் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், தீபாவளி முடிந்த கையோடு கார்த்திகை பிறந்துவிடும், கல்யாண முகூர்த்தங்கள் வரும். மார்கழிக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று பலரும் அந்த மாதத்தில் வைப்பார்கள். நவம்பர் முதல் வாரம் ஒருவர், "தீபாவளிக்கு வேண்டாம், மெதுவாக வரட்டும், மாதக் கடைசியில் தங்கச்சி கல்யாணத்துக்குத்தான்" என்று ஆர்டர் போடுவார். நீங்களும் நிறைய நாள் இருப்பதாக நினைத்துக்கொள்வீர்கள். தறி 16ஆம் தேதிதான் தொடங்குகிறது, அதன்பிறகு பாவு, மழை எல்லாம் இருக்கிறது. சேலை டிசம்பருக்குப் போய்விடும். எனவே அறிவிப்பில் கார்த்திகை முகூர்த்தக்காரர்களுக்கு ஒரு வரி தனியாக எழுதுங்கள்.

தேதியை எழுதும் விதம்

தேதி, கிழமை, மணி மூன்றும் வேண்டும். கிழமை இல்லாத தேதியை மக்கள் மனதில் வைத்துக்கொள்வதில்லை. "வரும் சனிக்கிழமை" என்று தேதி இல்லாமல் எழுதினால், அந்தச் செய்தி நான்கு நாள் கழித்து இன்னொருவர் கைக்கு ஃபார்வர்டாகிப் போகும்போது வேறு சனிக்கிழமை ஆகிவிடும். வருடத்தையும் போடுங்கள். போன வருடப் படத்தை யாராவது எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டால், அதைப் பார்த்துவிட்டு உங்களோடு சண்டைக்கு வருவார்கள்.

"கடைசித் தேதி" என்றால் எதற்குக் கடைசி என்பதும் தெளிவாக இருக்கட்டும். "இந்தச் சேலை எனக்கு" என்று செய்தி அனுப்பியதையே வாடிக்கையாளர் ஆர்டர் என்று நினைப்பார். உங்களுக்கு முழு முகவரியும் பணமும் வந்தால்தான் ஆர்டர். இதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பார்சல் வாங்கும்போது பணம் தரும் முறை வைத்திருந்தால், பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள். வீட்டில் ஆளில்லாமல் திரும்பி வரும் பார்சலுக்குப் போகவர இரண்டு கூலியும் உங்கள் தலையில்தான்.

முகவரியைப் பற்றி இன்னொன்று. சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரியே சொந்த ஊருக்கு வண்டி ஏறிவிடுவார்கள். சேலை சனிக்கிழமை பூட்டிய ஃபிளாட்டுக்குப் போய் நிற்கும். "நவம்பர் 4 முதல் 7 வரை எந்த ஊரில் இருப்பீர்கள், அந்த முகவரியைத் தாருங்கள்" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி மிச்சப்படுத்தும் தொல்லை கொஞ்சமில்லை.

இனி அறிவிப்பு. மேலே போட்ட கணக்கையெல்லாம் வாடிக்கையாளர் பார்க்க வேண்டியதில்லை, விடை மட்டும் போதும்.

> தீபாவளி 2026: ஆர்டர் மற்றும் விடுமுறை விவரம்
>
> வணக்கம். தீபாவளிக்கு (நவம்பர் 8, ஞாயிறு) முன் சேலை உங்கள் கைக்கு வர, கீழே உள்ள தேதிக்குள் முகவரியும் பணமும் அனுப்பிவிடுங்கள்.
>
> பிளவுஸ் தைக்க வேண்டும் என்றால் (தமிழ்நாடு): அக்டோபர் 14, புதன், மாலை 6 மணி.
>
> சேலை மட்டும், வெளிமாநிலம்: அக்டோபர் 28, புதன், மாலை 6 மணி.
>
> சேலை மட்டும், தமிழ்நாடு: அக்டோபர் 31, சனி, மாலை 6 மணி.
>
> நிறம் சொல்லி நெய்து வாங்க: செப்டம்பர் 26, சனி.
>
> நவம்பர் 7 சனி முதல் 11 புதன் வரை கடை விடுமுறை. அந்த நாட்களில் வரும் ஆர்டர்கள் நவம்பர் 12 வியாழன் முதல், வந்த வரிசைப்படி அனுப்பப்படும். 17 செவ்வாய்க்குள் எல்லாம் கிளம்பிவிடும்.
>
> தறிகள் நவம்பர் 16 அன்று மீண்டும் ஓடத் தொடங்கும். கார்த்திகை முகூர்த்தத்துக்கு வேண்டியவர்கள் தயவுசெய்து கையிருப்பில் இருப்பதிலிருந்து தேர்வு செய்யுங்கள்.
>
> தீபாவளிக்கு வேறு ஊரில் இருப்பீர்கள் என்றால் அந்த முகவரியைக் கொடுங்கள்.

வெளிமாநிலத்திலிருந்து பிளவுஸ் தைக்கக் கேட்பவர்கள் குறைவு என்றால் அவர்களுக்குத் தனியே பதில் சொல்லிக்கொள்ளலாம், அறிவிப்பை நீட்ட வேண்டாம். பார்சல் கிளம்பிவிடும் என்று 17ஆம் தேதியைப் போட்டதற்கும் காரணம் உண்டு. ஐந்து நாள் விடுமுறையில் எண்பது ஆர்டர் சேரும், ஒரு நாளைக்கு இருபது பார்சல் கட்ட முடியும் என்றால் நான்கு நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தால் 12, 13, 14, 16. ஒரு நாள் கையில் வைத்து 17. உங்கள் கை எவ்வளவு கட்டும் என்று பார்த்து எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

"தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற வரி இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பலருக்கும் அதைச் சேர்த்தால்தான் நிம்மதி. ஆனால் இணையத்தில் விற்பவர்களுக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, சொன்ன நாளுக்குப் பிறகு பொருள் போய்ச் சேர்ந்தால் அதைத் திரும்ப வாங்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாது. வெள்ளம் போன்ற, யாராலும் தடுக்க முடியாத காரணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த வரி உங்களைப் பெரிதாகக் காப்பாற்றாது, படிப்பவருக்கோ எரிச்சல் வரும். பத்திரமான தேதியாகச் சொல்வதே நல்லது.

எப்போது, எங்கே போடுவது

ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட முடியாது. நெய்து தரும் ஆர்டருக்கான தேதியைச் செப்டம்பர் நடுவிலேயே சொல்லியாக வேண்டும். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு மற்ற அறிவிப்பை அக்டோபர் முதல் வாரம் அனுப்புங்கள், அக்டோபர் 26 வாக்கில் முடிந்துபோன தேதிகளை எடுத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள். முடிந்த தேதியை அப்படியே வைத்திருந்தால் படிப்பவர் குழம்புவார்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் செய்தி போகும் என்பது பலருக்குத் தெரியாது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், ஆகையால் கடைசி வாரம் தினமும் போடவேண்டும். படமாகப் போடுவதோடு எழுத்தாகவும் அனுப்புங்கள். படத்தில் இருக்கும் தேதியை யாரும் தேடி எடுக்க முடியாது, சின்னத் திரையில் வயதானவர்கள் படிக்கவும் மாட்டார்கள்.

விடுமுறை நாட்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் `Business tools` உள்ளே `Away message` இருக்கிறது. அதில் `Custom schedule` தேர்ந்தெடுத்து, ஆரம்பிக்கும் நேரமும் முடியும் நேரமும் கொடுத்துவிட்டால் போதும். அந்தச் செய்தி மிகச் சிறியதாக இருக்கட்டும்: "கடை நவம்பர் 12 வியாழன் திறக்கும். உங்கள் செய்தி வரிசையில் இருக்கிறது. ஏற்கனவே அனுப்பிய பார்சலுக்கு டிராக்கிங் நம்பர் இந்த உரையாடலிலேயே மேலே உள்ளது." போனில் இணையம் இருந்தால்தான் இது தானாகப் போகும். ஊருக்குப் போகும்போது கடைப் போனை அணைத்துப் பெட்டியில் வைத்துவிட்டால் ஒருவருக்கும் பதில் போகாது.

அப்படியும் தாமதமானால்

கணக்கெல்லாம் சரியாகப் போட்டும் சில பார்சல் தங்கிவிடும். டிராக்கிங்கில் இரண்டு நாளாக ஒரே ஊரின் பெயர் நின்றால் அதுதான் அடையாளம். நவம்பர் 5ஆம் தேதி காலை உட்கார்ந்து, போய்ச் சேராத எல்லா பார்சலையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். வாடிக்கையாளர் கேட்பதற்கு முன் நீங்கள் சொல்லிவிட்டால் பாதிக் கோபம் வராது.

> அக்கா, உங்கள் பச்சைக் கட்டம் போட்ட சேலை திங்கட்கிழமை கிளம்பியது, மழையால் சேலத்தில் நிற்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் வரும் என்று கூரியரில் சொல்கிறார்கள், ஆனால் என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. தீபாவளிக்குப் பிறகு வந்தால் பரவாயில்லை என்றால் அப்படியே விடலாம். வேண்டாம் என்றால் பார்சலை வாங்காமல் திருப்பிவிடுங்கள், முழுப் பணமும் அனுப்பிவிடுகிறேன். எது வசதி என்று சொல்லுங்கள்.

எந்தச் சேலை, இப்போது எங்கே இருக்கிறது, அவர் முன்னால் என்ன வழி இருக்கிறது என்று மூன்றும் இதில் வந்துவிட்டன. "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று எழுதாமல் மழை என்றே எழுதியிருப்பதைப் பாருங்கள். கூரியரில் சொன்னதைக் கூரியரில் சொன்னதாகவே எழுதுங்கள், உங்கள் வாக்குறுதியாக மாற்றாதீர்கள்.

நவம்பர் 12ஆம் தேதி கடை திறந்ததும் முதல் வேலையாக `Away message`ஐ அணைத்துவிட்டு, குழுவில் பின் செய்து வைத்த அறிவிப்பையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் நோட்டை எடுத்து, எந்த ஊருக்கு என்றைக்குப் புக் செய்தது என்றைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பத்து பார்சலுக்காவது எழுதி வையுங்கள். பொங்கலுக்கு அறிவிப்பு எழுத இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.